எனக்கு அலறிய எச்சரிக்கை, அம்மாவுக்கு ஏன் வரவில்லை?

“போன வெள்ளத்தின்போது மேட்டுத் தெருவில் இருக்கும் என் போன் அலறியது. ஆற்றங்கரை வீட்டில் இருக்கும் அம்மாவின் பட்டன் போனில் ஒன்றுமே வரவில்லை. மறுநாள்தான் ஒரு குறுஞ்செய்தி வந்தது. இருவருக்கும் ஒரே நிறுவனத்தின் சிம். கோளாறு போனிலா, சிம்மிலா? அடுத்த மழைக்குள் என்ன செய்யலாம்?”

மறுநாள் வந்த அந்தக் குறுஞ்செய்திதான் துப்பு. உங்கள் போனில் அலறியதும் அம்மாவுக்குத் தாமதமாக வந்ததும் பெரும்பாலும் வேறுவேறு வழியில் புறப்பட்டவை. சிம்மைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

அலறியது செல் பிராட்காஸ்ட். வானொலி நிலையம் போல, டவர் தன் எல்லைக்குள் உள்ள எல்லா போன்களுக்கும் ஒரே மூச்சில் ஒலிபரப்பிவிடும். யாருடைய எண்ணும் அதற்குத் தேவையில்லை. கேட்பவர் நூறு பேரானாலும் லட்சம் பேரானாலும் டவருக்கு வேலை ஒன்றுதான், அதனால் நெரிசலில் சிக்காது. ஆனால் குறிப்பிட்ட நேரம் வரைக்கும்தான் திரும்பத் திரும்ப ஒலிபரப்பாகும். அந்த நேரத்தில் போன் அணைந்திருந்தாலோ சிக்னல் இல்லாமல் இருந்தாலோ அது போனதுதான், பிறகு தேடி வராது. குறுஞ்செய்தி இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும், எல்லோரும் உறவினர்களை அழைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டும். போன் கிடைக்காவிட்டால் காத்திருந்து பிறகு கொடுக்கும். வெள்ளம் வடிந்த பிறகு எச்சரிக்கை வந்து சேர்வது இப்படித்தான்.

சரி, ஒலிபரப்பு ஏன் அம்மாவை எட்டவில்லை? முதல் சந்தேகம் பட்டன் போன் மீதுதான். பழைய 2ஜி போன்களில் இந்த வசதி இருக்கும், ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். மெசேஜ் அமைப்புகளுக்குள் போய் Cell Broadcast அல்லது அதைப் போன்ற பெயரில் உள்ளதை இயக்க வேண்டும். சிலவற்றில் எந்தச் சேனலைக் கேட்க வேண்டும் என்பதையும் எண்ணாகக் கொடுக்க வேண்டும். நெதர்லாந்தில் 2012இல் இந்தச் சேவை தொடங்கியபோது, பழைய போன் வைத்திருந்தவர்கள் 919 என்ற எண்ணைத் தாங்களே உள்ளிட வேண்டியிருந்தது. வயதானவர்கள் எத்தனை பேர் அதைச் செய்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொரு விஷயம்: 2ஜி இணைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த போனுக்கு இந்த ஒலிபரப்பு எட்டாது. புயல் இரவில் அம்மா யாருடனாவது நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தால், அந்த அக்கறையான அழைப்பே எச்சரிக்கையை மறைத்திருக்கலாம்.

இரண்டாவது சந்தேகம் இடம். அதிகாரிகள் வரைபடத்தில் ஒரு பகுதியைக் கோடு போட்டு அடைக்கிறார்கள். அந்தப் பகுதிக்கான டவர்களில் செய்தி ஒலிக்கிறது. ஆனால் போன் நிர்வாக எல்லையைப் பார்த்து டவரைத் தேர்ந்தெடுப்பதில்லை, நன்றாகக் கேட்கும் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். ஆற்றங்கரை வீடு பள்ளத்தில் இருக்கிறது, இக்கரை டவரை நடுவில் உள்ள மேடு மறைக்கிறது, அக்கரைக் குன்றிலிருக்கும் டவர் நேராகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் போன் அக்கரையோடு சேர்ந்துகொள்ளும். கோடு ஆற்றோடு நின்றிருந்தால், தண்ணீருக்கு மிக அருகில் இருக்கும் வீட்டுக்குத்தான் செய்தி கிடைக்காது. எல்லையை ஒட்டிய டவர்களையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டால் இது தீரும். அப்படிச் சேர்த்தால் சம்பந்தமில்லாதவர்கள் போனும் அலறுகிறதே என்று புகார் வரும். புகார் வந்தாலும் பரவாயில்லை என்பது என் கட்சி.

மூன்றாவது, மின்சாரம். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான், ஏனென்றால் ஆபத்து எங்கே அதிகமோ அங்கேதான் டவர் முதலில் சாகும். ஒரு மாலையை எடுத்துக்கொள்வோம். மூன்று மணிக்குக் காற்றில் மரம் விழுந்து ஊருக்கு மின்சாரம் போகிறது. டவர் பேட்டரிக்கு மாறுகிறது. அந்தப் பேட்டரி நான்கைந்து மணி நேரம் தாங்கும் என்றால் எட்டு மணியளவில் டவர் அடங்கிவிடும். ஜெனரேட்டர் இருந்தாலும் டீசல் கொண்டுவரும் சாலை தண்ணீரில் கிடக்கலாம். பேட்டரி இருக்கும்போதே, பாலத்தோடு போகும் ஃபைபர் கேபிளை ஆறு அடித்துக்கொண்டு போனாலும் டவர் தனித்துவிடும். ஒலிபரப்ப வேண்டிய செய்தியே அதற்கு வந்து சேராது. இதற்கிடையில் அம்மாவின் போன் தூரத்து டவர்களைத் தேடித் தேடித் தன் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். ஒன்பது மணிக்கு எச்சரிக்கை புறப்பட்டால் அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கிய பிறகு, அந்தத் தீவின் டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வேலை செய்யவில்லை.

ஆகவே எச்சரிக்கை எவ்வளவு தாமதமாகிறதோ, அதைக் கேட்கக்கூடியவர்களும் அவ்வளவு குறைவு. குறைகிறவர்கள் பள்ளத்திலும் கரையோரத்திலும் இருப்பவர்கள்; மேட்டில் உள்ளவர்களுக்குக் கடைசி வரை வந்துகொண்டிருக்கும். கருவியெல்லாம் சரியாக இருந்தும் தாமதம் கெடுத்ததற்கு ஸ்பெயினின் வலென்சியா உதாரணம். 2024 அக்டோபர் 29 அன்று காலையிலேயே வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுத்துவிட்டது. மக்களின் போன்களுக்குச் செய்தி போனது இரவு எட்டு மணிக்கு மேல். அதற்குள் பல ஊர்களில் வெள்ளம் புகுந்துவிட்டிருந்தது.

உங்கள் வீட்டில் நடந்தது இவற்றில் எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அம்மாவின் அக்கம்பக்கத்தில் அதே நிறுவன சிம்மோடு ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு அலறியிருந்தால் கோளாறு அம்மாவின் போனில். அவர்களில் யாருக்குமே வரவில்லை, வேறு நிறுவன சிம் உள்ளவர்களுக்கு மட்டும் வந்தது என்றால், உங்கள் நிறுவனத்தின் டவர் அடங்கியிருக்கும் அல்லது கோட்டுக்கு வெளியே இருந்திருக்கும். அந்தத் தெருவில் எவருக்குமே வரவில்லை என்றால், எந்தெந்தத் தெரு என்று எழுதி பேரிடர் அலுவலகத்தில் கொடுங்கள். இந்த விவரம் அவர்களுக்கு வேறு வழியில் எளிதில் கிடைப்பதில்லை.

ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. வீட்டுக்குள் டவர் சிக்னல் இல்லாமல் வைஃபை மூலமாகவே அழைப்புகள் நன்றாக வந்துகொண்டிருக்கும். செல் பிராட்காஸ்ட் டவரிலிருந்து மட்டுமே வருவது, அது வைஃபை வழியாக வராது. வைஃபையை அணைத்துவிட்டு, அம்மா படுக்கும் அறையில் சிக்னல் கோடுகள் எத்தனை என்று பாருங்கள்.

அமைப்பு சரியாக இருக்கிறதா என்பதை மெனுவைப் பார்த்து நம்பாதீர்கள். சோதனை எச்சரிக்கை அனுப்பப்போவதாக அறிவிப்பு வரும் நாளில் அம்மாவின் அருகில் இருங்கள். சில போன்களில் சோதனைச் செய்தி தனியாக அணைந்திருக்கும், முன்கூட்டியே அதையும் இயக்கிவிடுங்கள். போன் அலறினால் அந்த ஒலி இன்னது என்று அம்மாவுக்குப் பழக்குங்கள். பயந்து அணைத்துவிடுகிறவர்கள் நிறைய.

சோதனையில் தேறினாலும், மின்சாரம் போன இரவுக்கு அது உத்தரவாதம் ஆகாது. அதனால் அம்மாவை மேட்டு வீட்டுக்குக் கூட்டிவரும் நேரத்தைப் போன் அலறுவதோடு முடிச்சுப்போடாதீர்கள். முந்தைய நாளின் கனமழை முன்னறிவிப்பு, மேலணையில் தண்ணீர் திறப்பு, ஊரில் மின்சாரம் போவது என்று மூன்று அடையாளங்களை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் எது முதலில் வந்தாலும், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடலாம்.