2 லட்சம் கட்டிய பிறகும் வட்டி ஏன் குறையவில்லை?

“20 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 9 சதவீத ஃப்ளோட்டிங் வட்டி, இஎம்ஐ 17,995. மே 5 தவணைக்குப் பிறகு பாக்கி 18,40,000 இருந்தது. மறுநாளே 2 லட்சம் பார்ட் பேமென்ட் கட்டினேன். ஜூன் 5 தவணையில் வட்டி 13,800 பிடித்திருக்கிறார்கள். சரியா?”

சரியில்லை. ஆனால் அதைக் காட்ட, கடன் வாங்கியபோது தந்த, ஒவ்வொரு தவணையிலும் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று காட்டும் அமார்டைசேஷன் அட்டவணை உதவாது. அது எல்லாம் திட்டப்படி நடந்தால் எப்படி இருக்கும் என்ற முன்கணக்குதான், உங்கள் 2 லட்சம் அதற்குத் தெரியாது. கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டையும், பார்ட் பேமென்ட்டுக்குப் பிறகு திருத்திய அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள்.

மாத வட்டிக்கான கணக்கு இவ்வளவுதான்:

```
நிலுவை அசல் × 9 ÷ 1200
```

2 லட்சம் கழிந்தால் அசல் 16,40,000, வட்டி 12,300. இஎம்ஐயில் மிச்சம் 5,695 அசலுக்குப் போய், பாக்கி 16,34,305 ஆக வேண்டும். பிடித்த 13,800 என்பதோ 18,40,000-க்கான வட்டி. அதாவது உங்கள் பணம் ஜூன் 5 வரை அசலில் சேரவே இல்லை. சில வங்கிகள் தினசரி நிலுவையில் கணக்கிடும். அப்படிப் பார்த்தாலும், மே 5 முதல் ஜூன் 5 வரை 31 நாளுக்குச் சுமார் 12,585 தான் வரும்.

இப்போது ஸ்டேட்மென்ட்டில் மே 6 வரியைத் தேடுங்கள். அன்றே நிலுவை 2 லட்சம் இறங்கியிருக்கிறதா? பெரும்பாலும் சிக்கல் இங்கேதான் இருக்கும். பணம் ‘அட்வான்ஸ் இஎம்ஐ’யாகவோ தனிக் கணக்கிலோ உட்கார்ந்திருக்கும், அல்லது ஜூன் தவணையோடு சேர்த்து வரவு வைத்திருப்பார்கள். இரண்டாவது வகையில் ஜூன் 5 பாக்கி 16,35,805 என்று இருக்கும். அந்தக் கூடுதல் 1,500-க்கும் மாதாமாதம் வட்டி ஓடும். அதனால் அடுத்த மாதம் வட்டி ஓரளவு சரியாக வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், பாக்கியையும் பாருங்கள்.

நடுவில் வட்டி விகிதம் மாறியிருந்தால், மாறிய தேதிக்குப் பின் 9-க்குப் பதில் புது விகிதத்தைப் போட வேண்டும். இதைச் சரிபார்க்காமல் சண்டைக்குப் போனால் அவமானம்தான்!

மாதத்தின் நடுவில் பணம் திருப்பிக் கட்டினாலும் முழு மாதத்துக்கும் வட்டி போடுவதை ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29 சுற்றறிக்கையில் முறையற்றது என்று சுட்டிக்காட்டியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, பார்ட் பேமென்ட் ரசீதையும் இணைத்து, ‘2 லட்சத்தை மே 6 தேதியிட்டு அசலில் வரவு வைத்து, கூடுதல் வட்டியைத் திருப்பித் தரவும்’ என்று எழுத்தில் கேளுங்கள். கிளையில் வாய்மொழியாகச் சொன்னால் பதிவு இருக்காது. 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம்.