பத்து ரி தூரமும் ஒரு கால்நோவும்

கேள்வி: அரிராங் என்ற கொரிய நாட்டுப்பாடலைக் கேட்டதிலிருந்து அது மனதைவிட்டுப் போகவில்லை. பொருள் தேடினேன். “என்னை விட்டுப் போகிறாய், பத்து ரி தூரம் போவதற்குள் உன் கால் கெட்டுப்போகும்” என்று ஒரு தமிழாக்கம் கிடைத்தது. இவ்வளவு இனிமையான மெட்டில் காதலனுக்குச் சாபமா? நண்பர் ஒருவர் அது விடுதலைப் பாட்டு என்கிறார். இன்னொருவர் ‘அரி’ தமிழ்ச்சொல், பாட்டே நம்முடையது என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: ‘அரி’ தமிழ்ச்சொல் என்பவர் சொல்வதை முதலில் ஒதுக்கிவிடுவோம். ‘அரிராங்’ என்ற சொல்லுக்குக் கொரியர்களுக்கே உறுதியான பொருள் கிடையாது. மலையின் பெயர், பெண்ணின் பெயர், பழைய சொல்லின் சிதைவு என்று பல விளக்கங்கள் சொல்லப்பட்டாலும் எதுவும் நிலைபெறவில்லை. நம் ‘ஏலேலோ’வையும் ‘தன்னானே’யையும் போல இப்போது அது பாட்டைத் தூக்கிக் கொடுக்கும் ஒலி. சொந்த ஊரிலேயே பொருள் தெரியாத சொல்லுக்கு, காதில் விழுந்த ஓசையை வைத்து நாம் பொருள் சொல்லப் புகுந்தால், பாட்டைக் கேட்பதை நிறுத்திவிட்டு நம் குரலைக் கேட்கத் தொடங்கிவிடுவோம். கொரிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று சிலர் ஆர்வமாகப் பேசுகிறார்கள். மொழியியலில் அது ஏற்கப்பட்ட முடிவு அல்ல.

ஆனால் இரண்டு மொழிகளும் வாக்கியம் கட்டும் முறையில் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் வினை கடைசியில் வரும், உருபுகள் சொல்லின் வாலில் ஒட்டும். துருக்கி மொழியும் ஜப்பானிய மொழியும் அப்படித்தான் என்பதால் இதை வைத்து உறவு கொண்டாட முடியாது. ஆனாலும் இந்தப் பாட்டைப் புரிந்துகொள்ள அது பெரிய உதவி. உங்களைக் குழப்பிய இரண்டு அடிகளை ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்ப்போம்.

“நாருல் பொரிகோ கஷினுன் நிமுன்.” நாருல் என்றால் என்னை. பொரிகோ, விட்டுவிட்டு. கஷினுன், போகிற. நிமுன் என்பதில் ‘நிம்’ நெஞ்சுக்கு உகந்தவர், ‘உன்’ இன்னாரைப் பற்றிச் சொல்கிறேன் என்று காட்டும் ஒட்டு. எந்தச் சொல்லையும் இடம் மாற்றாமல் அப்படியே தமிழில் வைக்கலாம்: “என்னை விட்டுவிட்டுப் போகிற அவர்.” ஆங்கிலத்தில் இதைச் சொல்ல வேண்டுமானால் அடியைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும்.

‘கஷினுன்’ என்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ‘க’ என்பது போதல். நடுவில் இருக்கும் ‘ஷி’ மரியாதை. நாம் ‘போகிறார்’ என்று வினையின் கடைசியில் மரியாதையை வைக்கிறோம், கொரியர்கள் அதை வினைக்குள்ளேயே செருகிவிடுகிறார்கள். கைவிட்டுப் போகிறவரைப் பற்றிப் பாடும்போதும் பாட்டில் பேசும் பெண் அந்த ‘ஷி’யை விடவில்லை. உங்களுக்குக் கிடைத்த தமிழாக்கத்தில் ‘போகிறாய்’, ‘உன் கால்’ என்று இருக்கிறதே, அது ஆங்கிலம் வழியாக வந்தது என்பதற்கு அதுவே அடையாளம். ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒரே சொல். அதைத் தமிழாக்கியவர் நீ என்று எடுத்துக்கொண்டார். மரியாதை ஆங்கிலத்தில் தொலைந்தது, தமிழுக்கு வரும்போது ஒருமையாக இறங்கியது. ‘அவர்’ என்று பாடுகிறவளை ‘நீ’ என்று திட்டுகிறவளாக மாற்றிவிட்டார்கள்.

அடுத்த அடி: “சிம்னிதோ மொத் கஸொ பல்பியொங் நன்தா.” சிம்னி, பத்து ரி. ‘தோ’ நம்முடைய ‘உம்’ செய்யும் வேலையைச் செய்கிறது. மொத் கஸொ, போக மாட்டாமல். பல்பியொங், கால்நோவு. நன்தா, உண்டாகிறது. “பத்து ரியும் போக மாட்டாமல் கால்நோவு வருகிறது.” கால் கெட்டுப்போகும் என்பது மூலத்தில் இல்லாத கடுமை. அதைவிட முக்கியமானது கடைசி வினை. சபிக்கிறவர்கள் ‘வரட்டும்’ என்பார்கள், ‘போக’ என்பார்கள். ‘நன்தா’ அப்படிப்பட்ட முடிவு அல்ல, உள்ளதைச் சொல்லும் சாதாரண வினைமுற்று. நடக்கப்போவதை நடந்துகொண்டிருப்பது போலச் சொல்கிறாள்.

தூரத்தையும் கணக்குப் போடுங்கள். கொரியாவின் ரி ஏறக்குறைய 400 மீட்டர், பத்து ரி சுமார் 4 கிலோமீட்டர். ஒரு மணி நேர நடை. அவருக்குக் கெடுதல் வேண்டியிருந்தால் ஆயிரம் ரிக்கு அப்பால், யாருமில்லாத காட்டில் விழச் சொல்லியிருக்கலாம். அவள் கேட்பது திரும்பி வரக்கூடிய தொலைவில் ஒரு கால்நோவு. கோபம் இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் ‘திரும்பி வாருங்கள்’ என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை என்றே நான் படிக்கிறேன். ‘ஷி’யையும் பத்து ரியையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் சாபம் என்ற சொல் பொருந்தாது.

இவ்வளவு தூரம் தமிழ் நமக்குக் கைகொடுத்தது. இதற்கு முன்னால் வரும் அடியில் தமிழும் கையை விரித்துவிடுகிறது. “அரிராங் கொகேரோ நொமொகன்தா.” கொகே என்றால் மலைக்கணவாய். கொரியாவில் பெரும்பகுதி மலை, ஊரை விட்டுப் போகிறவர் ஒரு கணவாயைத் தாண்டித்தான் போவார், தாண்டியதும் கண்ணிலிருந்து மறைவார். அதனால் கொகே என்ற சொல்லிலேயே பிரிவு இருக்கிறது. நொமொகன்தா, தாண்டிப் போதல். யார் தாண்டுவது? பாட்டு சொல்லவில்லை. கொரிய வினையில் நான், நீ, அவர் என்ற விகுதி கிடையாது, எழுவாயையும் விட்டுவிடலாம். தமிழில் எழுவாயை விட்டாலும் வினை காட்டிக்கொடுத்துவிடும். தாண்டிப் போகிறேன், போகிறார், போகிறோம் என்று ஒன்றைப் போட்டே ஆக வேண்டும். எதைப் போட்டாலும் மூலத்தில் திறந்திருந்த கதவு ஒன்றை மூடுகிறோம். எனவே ‘நான் தாண்டுகிறேன்’ என்று ஒரு மொழிபெயர்ப்பும் ‘அவர் தாண்டுகிறார்’ என்று இன்னொன்றும் சொன்னால், இரண்டில் ஒன்று தவறு என்று முடிவு கட்டாதீர்கள். பாட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறது என்று பொருள்.

உங்கள் நண்பர் சொல்லும் விடுதலை அந்த வெற்றிடத்தின் வழியாகத்தான் உள்ளே வந்தது. கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. 1926 அக்டோபரில் நா உன்-கியூ இயக்கி நடித்த ‘அரிராங்’ என்ற மௌனப்படம் வெளியானது. முடிவில் நாயகனைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள், அவன் கணவாயைத் தாண்டிப் போகிறான், பாட்டு எழுகிறது. மௌனப்படம் என்பதால் பாட்டைத் திரையரங்கிலேயே பாடினார்கள். படச்சுருள் இன்று இல்லை, பாட்டு நாடு முழுக்கப் பரவி நின்றுவிட்டது. நீங்கள் கேட்டது அநேகமாக அந்தப் படம் பரப்பிய வடிவம்தான். அரிராங் அதற்கு முன்பே உண்டு. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1896-லேயே ஓர் அரிராங்கை இசைக்குறிப்பாக அச்சிட்டிருக்கிறார். 1926-க்குப் பிறகு மாறியது, பாட்டைக் கேட்பவர் மனதில் கணவாயைத் தாண்டும் ஆள் யார் என்பது. காதலன் நின்ற இடத்தில் கைதியும் நின்றான்.

‘நிம்’ என்ற சொல்லும் அதற்கு இடம் கொடுத்தது. அதே 1926-ல் ஹான் யோங்-உன் என்ற பௌத்தத் துறவி ‘நிம்மின் மௌனம்’ என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். 1919-ன் விடுதலை அறிக்கையில் கையெழுத்திட்ட 33 பேரில் அவரும் ஒருவர். காதலர் மட்டும் நிம் அல்ல, ஏங்கப்படுவது எல்லாமே நிம் என்று தன் முன்னுரையில் சொல்கிறார். நமக்கு இது புதிதல்ல. ‘தலைவன்’ என்ற சொல் காதலனையும் குறிக்கும், நாட்டை நடத்துபவரையும் குறிக்கும், பக்திப் பாட்டில் இறைவனையும் குறிக்கும். ‘நிம்’முக்குத் தமிழில் காதலன் என்று எழுதினால் ஒரு பொருள்தான் தெரியும். ‘தலைவன்’ அதைவிட நெருங்கி வருகிறது, கொஞ்சம் பழைய வாடை அடித்தாலும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிரிவு, வழி, நோகும் கால் என்றதும் நம் மனம் பாலைத் திணைக்கு ஓடும். ஓட விடாதீர்கள். பாலையில் தலைவன் நடக்கும் சுரத்தின் வெம்மையை நினைத்துத் தலைவி வருந்துவாள். இங்கே அவள் அந்தக் கால் நோவதைத்தான் நம்பியிருக்கிறாள். பாலையாக்கிப் படித்தால் இந்தப் பாட்டுக்கே உரிய அந்த முரண்டு காணாமல் போய்விடும்.

ஆக, உங்களுக்குக் கிடைத்த தமிழாக்கம் சொல்லில் தவறியது, நண்பர் அப்படித் தவறவில்லை. ஆனால் அவரும் பாதியைத்தான் சொன்னார். அடிகளில் நாடு, ஆட்சி, போராட்டம் என்று ஒரு சொல் கிடையாது. பாட்டின் அந்தப் பொருள் அது பாடப்பட்ட ஆண்டுகளில் இருக்கிறது. கிளிநொச்சியிலும் கோவையிலும் ஒரே தாலாட்டு வேறு வேறாகக் கேட்பதைப் போல என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அரிராங்குக்கு வேறு உதாரணமே தேவையில்லை. தென்கொரியா 2012-லும் வடகொரியா 2014-லும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இதைத் தனித்தனியே சேர்த்தன. 1991-ல் உலக டேபிள் டென்னிஸ் போட்டியில் இரண்டும் ஒரே அணியாக இறங்கியபோது தேசிய கீதமாக வைத்துக்கொண்டது இதைத்தான். அந்த அரங்கில் கேட்டவர்களுக்கு விட்டுப் போனவர் யார், விடப்பட்டவர் யார்?

இனி உங்களுக்கு ஒரு வேலை. உங்களிடம் உள்ள பதிவில் இரண்டாவது சரணம் இருக்கிறதா என்று பாருங்கள். நீல வானில் சிறு விண்மீன்களும் பல, நம் நெஞ்சிலும் பல என்று போகும். (நம்மா, எங்களா என்பதை ‘உரி’ என்ற கொரியச் சொல் பிரித்துக் காட்டாது. அங்கேயும் நாமாக ஒன்றை எடுக்கத்தான் வேண்டும்.) நெஞ்சில் பல இருப்பது எது என்பதில்தான் பாடுபவர்கள் வேறுபடுகிறார்கள். சிலர் ‘சுஷிம்’ என்று பாடுவார்கள், அது கவலை. சிலர் ‘ஹிமாங்’ என்று பாடுவார்கள், அது நம்பிக்கை. மெட்டு ஒன்றுதான், அந்த ஒரு சொல்லை மட்டும் காது கொடுத்துப் பிடியுங்கள். உங்கள் பாடகர் எதைப் பாடுகிறார் என்று எனக்கு எழுதுங்கள்.