போன் நேர்காணலுக்கு முந்தைய நாள் செய்ய வேண்டிய சோதனை அழைப்பு

கேள்வி: வியாழக்கிழமை காலை 11 மணிக்கு போனில் முதல் ரவுண்ட் இன்டர்வியூ. வீட்டுக்குள் சிக்னல் சுமார்தான். புளூடூத் இயர்பட்ஸ் இருக்கிறது. பதற்றத்தில் வேகமாகப் பேசிவிடுவேன். என்னென்ன தயார் செய்து வைக்க வேண்டும்?

பதில்:

ஆறு ஆண்டுகளாக இத்தகைய அழைப்புகளின் மறுமுனையிலிருந்து கேள்வி கேட்பவன் நான். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது: பேசுபவருக்கு என் குரல் நன்றாகக் கேட்பதால், தம் குரலும் எனக்கு அவ்வாறே கேட்கிறது என்று அவர் நம்பிவிடுகிறார். உண்மையில் இரண்டு திசைகளும் சமமானவை அல்ல. கைபேசிக் கோபுரம் பல வாட் திறனில் அலையை அனுப்புகிறது. 4ஜி கைபேசியோ அதிகபட்சம் சுமார் 0.2 வாட் திறனில்தான் திருப்பி அனுப்புகிறது. ஆகவே சிக்னல் குறையும் இடத்தில் பெரும்பாலும் முதலில் அறுபடுவது உங்கள் குரல்தான், அதுவும் உங்களுக்குத் தெரியாமலேயே. இதனால்தான் எல்லாத் தயாரிப்புக்கும் முன்பு, நேர்காணல் நடக்கவிருக்கும் அதே நேரத்தில், முந்தைய நாளே ஒரு நண்பரை அழைத்து ஐந்து நிமிடம் பேசிப் பார்க்கச் சொல்கிறேன். அந்த நண்பர் வேறு ஊரில் இருப்பது நல்லது. காலை 11 மணி நேர்காணலுக்கு இரவு 10 மணிக்குச் சோதித்துப் பயனில்லை. கோபுரத்தின் நெரிசலும் தெருவின் சத்தமும் அப்போது வேறாக இருக்கும்.

என் அக்கா மகனுக்கு இதைச் செய்து பார்த்த கதையைச் சொன்னால் எளிதாகப் புரியும். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் கான்கிரீட் தளம் போட்ட வீடு. நடுக்கூடத்தில் அமர்ந்து பேசத் திட்டமிட்டிருந்தான்; திரையில் இரண்டு கோடுகள் தெரிந்தன. அந்தக் கோடுகளை நம்ப வேண்டாம் என்றேன், ஏனென்றால் எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு கைபேசி நிறுவனமும் தன் விருப்பப்படி முடிவு செய்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் Settings, About phone, SIM status என்று சென்றால் Signal strength என்ற இடத்தில் ஓர் எண் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று அழைத்தால் வரும் பக்கத்தில் அதைத் தேடலாம். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதால், சுழியத்தை நெருங்க நெருங்க சிக்னல் நல்லது என்று பொருள். நடுக்கூடத்தில் -112 dBm இருந்தது. மாடி அறையின் சன்னலோரத்தில் -94 dBm. பார்வைக்குச் சிறிய வேறுபாடுபோல் தோன்றினாலும், மூன்று எண் கூடினாலே திறன் இரு மடங்காகும்; பதினெட்டு எண் என்பது அறுபது மடங்குக்கும் மேல். 4ஜியில் -100-க்கு மேலே, அதாவது -95, -90 என்று இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. -110-ஐத் தாண்டிக் கீழே போனால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். எண் நன்றாக இருந்தும் நெரிசலால் குரல் அறுபடக்கூடும் என்பதால், எண்ணைப் பார்த்தது சோதனை அழைப்புக்கு ஈடாகாது.

அழைப்பு நடக்கும்போதே திரையின் மேற்பகுதியையும் ஒரு முறை பாருங்கள். 4ஜி அடையாளம் மறைந்து 2ஜியின் அடையாளமான E தோன்றினால், 4ஜி வழியாகவே குரலைக் கடத்தும் VoLTE வசதி அணைந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பழைய முறையில் சுமார் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி மட்டுமே கடத்தப்படும். VoLTE வழியாக இரு முனையிலும் வசதி இருந்தால் அது ஏறத்தாழ 7,000 வரை செல்லும். ‘ஸ’, ‘ஃப’ போன்ற ஒலிகளின் அடையாளம் இந்த உயர் பகுதியில்தான் இருக்கிறது. வீட்டில் நல்ல ஃபைபர் இணைப்பு இருந்தால் Wi-Fi Calling என்பதை இயக்கலாம். அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அறிய, கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்து, வைஃபையை மட்டும் இயக்கி அழைத்துப் பாருங்கள். அழைப்பு போனால் சரி. ஆனால் மின்சாரம் போனால் ரௌட்டரும் போய்விடும். ரௌட்டர் இன்வெர்ட்டரில் இணைக்கப்படாத வீட்டில் சன்னலோரத்துச் சிக்னலையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கைபேசியின் அமைப்புகளில் பலர் சறுக்குவது தொந்தரவு செய்யாதே வசதியில்தான். இடையூறு வேண்டாம் என்று அதை இயக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். நிறுவனத்தின் அழைப்போ பதிவு செய்யாத எண்ணிலிருந்து வருவதால் சத்தமின்றி நின்றுவிடும். மூன்று முறை அழைத்துப் பதில் இல்லாமல், பின்னர் விண்ணப்பதாரரே பதறி மின்னஞ்சல் எழுதிய நிகழ்வுகளை நான் பார்த்திருக்கிறேன். ஐபோனில் Silence Unknown Callers என்பதையும், எரிச்சலூட்டும் அழைப்புகளைத் தடுக்கும் செயலிகளையும் அன்று காலை அணைத்து வையுங்கள். மாறாக, பேச்சின் நடுவே இன்னோர் அழைப்பு வந்து ‘டொக் டொக்’ என்று குறுக்கிடுவதைத் தடுக்க, அழைப்புக் காத்திருப்பை நிறுத்தலாம். பல சேவைகளில் #43# என்று அழைத்தால் அது நிற்கும், முடிந்ததும் *43# மூலம் திரும்ப இயக்கலாம். இரட்டை சிம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல கைபேசிகளில் ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றது தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகவே அழைப்பவருக்குச் சொல்லும். பதினொரு மணி அழைப்புக்கு 10.55-க்கு வாழ்த்துச் சொல்ல வரும் பெரியப்பாவின் அழைப்பை எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

இனி இயர்பட்ஸ். பாட்டு கேட்கும்போது இனிமையாக ஒலிக்கும் அதே கருவி, மைக் இயங்கத் தொடங்கியதும் வேறு முறைக்கு மாறிவிடுகிறது. புளூடூத்தின் குறுகிய பாதையில் இரு திசைக் குரலும் போக வேண்டியிருப்பதால் ஒலியின் தரம் குறைக்கப்படுகிறது. அதன் மைக் வாயருகே இல்லாமல் காதருகே இருப்பதால், வாயிலிருந்து வரும் குரலோடு அறையின் ஒலியையும் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது. அக்கா மகன் இயர்பட்ஸில் பேசியபோது, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் எனக்குக் கேட்டது. அவனுக்கோ என் குரல் மிகத் தெளிவு. வயர் உள்ள சாதாரண இயர்போனுக்கு மாறியதும் குரல் அருகில் வந்தது, ஆனால் இடைவிடாத ‘சரக் சரக்’ ஒன்று கூடவே வந்தது. வயரில் இருக்கும் சிறிய மைக் சட்டைக் காலரில் உரசிய ஒலி அது. துணி காயப்போடும் கிளிப் ஒன்றினால் வயரைக் காலரோடு சேர்த்துப் பிடித்து, மைக் மட்டும் துணியைத் தொடாமல் தாடைக்குக் கீழே தொங்கும்படி வைத்தவுடன் நின்றுவிட்டது. ஐந்து ரூபாய்க் கிளிப்தான், ஆனால் அன்று அதைவிட உதவியது எதுவும் இல்லை. வயர் இயர்போன் கிடைக்காவிட்டால் கைபேசியைக் காதில் வைத்தே பேசுங்கள். அப்போது அதன் மேல்விளிம்பிலோ பின்புறத்திலோ உள்ள சிறிய துளையை விரலால் மூடாதீர்கள். சுற்றுச் சத்தத்தைப் பிரித்து நீக்குவதற்கான இரண்டாவது மைக் பெரும்பாலும் அங்குதான் இருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன், ஏனெனில் எதிரொலியை அடக்கும் முயற்சியில் கைபேசி அவ்வப்போது ஒரு பக்கக் குரலை வெட்டிவிடும்.

மாடி அறை சிக்னலுக்கு ஏற்றதாக இருந்தாலும், டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமாக இருந்ததால் குரல் முழங்கியது. கட்டிலில் மெத்தையை விரித்து, எதிர்ச் சுவரில் இருந்த துணி அலமாரியின் கதவைத் திறந்து வைத்தோம். தொங்கும் துணிகள் ஒலியை உறிஞ்சிவிடும். மின்விசிறி அடுத்த சிக்கல். அதன் சீரான இரைச்சலைக் கைபேசி தானாகவே குறைத்துவிடும், ஆனால் குறைக்கும்போது நீங்கள் தாழ்த்திச் சொல்லும் சொல்லின் கடைசி அசையையும் இரைச்சல் என்று எண்ணிச் சேர்த்து விழுங்கிவிடும். காற்று நேராக மைக்கில் படும்போது கேட்கும் ‘புஸ்’ ஒலியைக் குறைப்பது அதற்கும் எளிதல்ல. எனவே அதுவரை விசிறியைப் போட்டுக்கொண்டு, அழைப்பு வரும் நேரத்தில் அணைக்கச் சொன்னேன். குக்கர் விசில் போலத் திடீரென எழும் சத்தத்தைக் கைபேசியால் மறைப்பது கடினம் என்பதால், அக்காவிடம் சமையலைப் பத்தரைக்குள் முடிக்கச் சொன்னோம். “அதெல்லாம் பத்து மணிக்கே இறக்கிடுவேன் தம்பி, நீ அவனை நிதானமாப் பேசச் சொல்லு” என்றார் அக்கா. அவர் சொன்னதுதான் மிச்சமிருந்த வேலை.

தன்னை அறிமுகம் செய்துகொள்ள அவன் ஆங்கிலத்தில் 140 சொற்கள் எழுதி வைத்திருந்தான். கைபேசியின் ஒலிப்பதிவுச் செயலியில் பேசிப் பதிவு செய்யச் சொன்னேன். 42 நொடிகளில் முடித்துவிட்டான். அதாவது நிமிடத்துக்கு 200 சொற்கள். நேரில் உதட்டசைவைப் பார்த்துக்கொண்டே கேட்பவருக்கே அது வேகம். போனில் இரண்டு சொற்கள் அறுபட்டால் வாக்கியமே போய்விடும். 120 முதல் 130 வரை இருந்தால் எனக்குக் குறிப்பெடுக்கவும் வசதியாக இருக்கும். ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் பேசி வேகத்தைக் குறைக்க முயன்றால் தூங்கி வழிவதுபோல் இருக்கும் என்பதால், தாளில் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் பிறகு ஒரு சாய்கோடு இட்டு, அந்த இடத்தில் மட்டும் ஒரு மூச்சு எடுக்கச் சொன்னேன். மூன்றாவது பதிவில் 65 நொடிகள் வந்தன. சொற்களின் வேகம் பெரிதாக மாறவில்லை, இடைவெளிகள்தாம் கூடியிருந்தன. எண்களுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. பிஃப்டீன் என்பதும் பிஃப்டி என்பதும் போனில் அடிக்கடி குழம்புவதால், சம்பளத்தையோ நோட்டீஸ் நாட்களையோ சொல்லும்போது ‘பிஃப்டீன், ஒன் ஃபைவ்’ என்று பிரித்தும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி முடிந்தவுடன் பதிலைத் தொடங்காமல், மனத்துக்குள் ‘ஒன்று’ என எண்ணும் நேரம் பொறுங்கள். குரல் போய்ச் சேருவதில் எப்போதும் சிறு தாமதம் உண்டு. நான் ஒரு கேள்வியைப் பாதியில் நிறுத்தி மூச்சு விடும்போது அது முடிந்துவிட்டதாக எண்ணி நீங்கள் தொடங்குவீர்கள், நானும் தொடர்வேன், பிறகு இருவரும் ஒரே சமயத்தில் “சாரி, சொல்லுங்கள்” என்போம். புளூடூத் அந்தத் தாமதத்தை இன்னும் சற்று நீட்டுகிறது.

இத்தனைக்குப் பிறகும் இணைப்பு துண்டிக்கப்பட்டால், உடனே திருப்பி அழைக்காதீர்கள். நானும் அதே நொடியில் உங்களை அழைத்துக்கொண்டிருப்பேன். இருவருக்கும் பிஸி என்றே வரும். இரண்டு நிமிடம் காத்திருந்து, அழைப்பு வரவில்லையென்றால் மட்டும் அழையுங்கள். அந்த எண் அழைப்பை ஏற்காத அலுவலகப் பொது எண்ணாக இருக்கக்கூடும் என்பதால், நேர்காணல் அழைப்பு வந்த மின்னஞ்சலுக்கான பதிலாக “11.20-க்கு இணைப்பு துண்டிக்கப்பட்டது, இதே எண்ணில் காத்திருக்கிறேன்” என்ற ஒரு வரியை ஆங்கிலத்தில் முன்கூட்டியே எழுதி, அனுப்பாமல் வரைவில் வைத்திருங்கள். நேரத்தை மட்டும் மாற்றி அனுப்பினால் போதும்.