பிளஸ் டூ முடித்த பையனுக்கு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. கிடைக்குமா?

“என் மகன் பிளஸ் டூவில் கணிதம் 62, இயற்பியல் 58, வேதியியல் 70 எடுத்திருக்கிறான். ஒரு பொறியியல் கல்லூரி விளம்பரத்தில் ‘குறைந்தபட்ச சிஜிபிஏ 6.25, தேர்வு ரூப்ரிக்படி, லேட்டரல் என்ட்ரி இடங்கள் உண்டு’ என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒருவர், ‘இந்த மார்க்குக்குக் கவுன்சலிங்கில் ஒன்றும் கிடைக்காது, லேட்டரல் என்ட்ரியில் முடித்துத் தருகிறேன்’ என்று 25,000 ரூபாய் முன்பணமும் அசல் மார்க் ஷீட்டும் கேட்கிறார். கொடுக்கலாமா?”
– ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

கொடுக்காதீர்கள் அம்மா. பணத்தையும் கொடுக்காதீர்கள், சான்றிதழை அதைவிடவும் கொடுக்காதீர்கள். அவர் விற்க வந்திருக்கும் பொருள் உங்கள் மகனுக்கு உரியதே அல்ல.

லேட்டரல் என்ட்ரி என்றால் கவுன்சலிங் இல்லாமல் பக்கத்து வாசல் வழியாக நுழைவது என்றுதான் பல பெற்றோர் எண்ணுகிறார்கள். தரகர்களும் அந்த எண்ணத்தை ஊதிப் பெருக்குகிறார்கள். உண்மையில் அது நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர் பொறியியலின் அடிப்படைகளை ஏற்கெனவே படித்திருப்பதால், முதலாண்டை விட்டு இரண்டாம் ஆண்டு பி.இ. வகுப்பில் உட்காருகிறார். 60 பேர் படிக்க அனுமதி பெற்ற ஒரு பிரிவில், அதற்காகப் பத்து சதவீதம், அதாவது 6 இடங்கள் கூடுதலாக உண்டு. முதலாண்டில் 40 பேர்தான் சேர்ந்தார்கள் என்றால், காலியாக நின்ற 20 இடங்களும் அடுத்த ஆண்டு இந்தக் கணக்கில் சேரும். “லேட்டரல் என்ட்ரி இடங்கள் உண்டு” என்று விளம்பரத்தில் வருவது இந்த 26 இடங்களைத்தான். பிளஸ் டூ முடித்த பையனுக்கு அவற்றில் ஒன்றுகூடக் கிடையாது.

உங்கள் மகனுக்குப் பொருந்தும் லேட்டரல் என்ட்ரி ஒன்று இருக்கிறது. அது பாலிடெக்னிக்கில். பிளஸ் டூ தேறியவர் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோவுக்கு இரண்டு ஆண்டு, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்று ஆண்டு, ஆக ஐந்து. நேரடி பி.இ.யைவிட ஓராண்டு அதிகம். கையில் இரண்டு தகுதி இருக்கும். பட்டறை வேலையில் விருப்பமுள்ள பையனுக்கு இது நல்ல வழி. இதைத் தரகர்கள் ஒருபோதும் சொல்வதில்லை. இதில் அவர்களுக்குக் கமிஷன் இல்லை.

இன்னொரு கதையும் உங்களிடம் வரும். “முதலில் பி.எஸ்சி. சேருங்கள், பிறகு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. போய்விடலாம்” என்பார்கள். விதி அதை அனுமதிக்கிறது என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். பிளஸ் டூவில் கணிதம் படித்து, பி.எஸ்சி.யில் உரிய மதிப்பெண்ணுடன் தேறியவர் நேரடி இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் டிப்ளமோக்காரர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சும் இடங்களைத்தான் பி.எஸ்சி. மாணவருக்குத் தருவார்கள். சேர்ந்த பிறகு, முதலாண்டுப் பாடங்களான பொறியியல் வரைபடத்தையும் பொறியியல் இயக்கவியலையும் இரண்டாம் ஆண்டுப் பாடங்களோடு சேர்த்து எழுதித் தேற வேண்டும். டிப்ளமோ மாணவர் வரைபலகையோடு பழகி வந்தவர். பி.எஸ்சி. மாணவர் அதை அப்போதுதான் தொடுவார். மூன்றும் மூன்றும் ஆறு ஆண்டு. பி.எஸ்சி. முடித்தபின் மனம் மாறியவருக்காக வைத்த ஏற்பாடு இது. பிளஸ் டூ முடித்த பையனுக்கு இதைத் திட்டமாகவே போட்டுக் கொடுப்பது ஏமாற்று.

இனி சிஜிபிஏ. கல்லூரியில் ஒவ்வொரு பாடத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி தருவார்கள். பெரிய பாடத்தின் புள்ளி அதிகமாகவும் சிறிய பாடத்தின் புள்ளி குறைவாகவும் எண்ணப்பட்டு, எல்லாப் பருவங்களுக்கும் சேர்த்து வரும் சராசரிதான் சிஜிபிஏ. தமிழ்நாட்டு பிளஸ் டூ சான்றிதழில் அது இல்லை. ஒரே விளம்பரத்தில் முதலாண்டு, நேரடி இரண்டாம் ஆண்டு, முதுநிலைப் படிப்பு எல்லாவற்றையும் திணித்துவிடுகிறார்கள். அந்த 6.25 ஏற்கெனவே கல்லூரியில் படித்து வருபவருக்கான வரி. யாருக்கு எந்த வரி என்று தமிழில் ஒரு வாக்கியம் போடக் கல்லூரிகளுக்கு ஏன் மனம் வருவதில்லை என்று ஆண்டுதோறும் கோபப்படுகிறேன்.

உறவினர் யாராவது சிஜிபிஏயைச் சதவீதமாக்க 9.5ஆல் பெருக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அது சி.பி.எஸ்.இ. முன்பு பத்தாம் வகுப்புக்கு வைத்திருந்த கணக்கு. பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் அட்டவணையில் 6.25 என்பது 55 சதவீதம், 9.5ஆல் பெருக்கினால் 59க்கு மேல் வரும். சான்றிதழ் கொடுத்த பல்கலைக்கழகம் எந்தக் கணக்கைச் சொல்கிறதோ அதுதான் செல்லும்.

ரூப்ரிக் என்பது மதிப்பெண் போடும் விதியைப் படிப்படியாக எழுதிவைத்த அட்டவணை. நேர்காணலுக்கு 15 மதிப்பெண் என்றால், எப்படிப் பதில் சொன்னால் 15, எப்படிச் சொன்னால் 8 என்று அதில் இருக்க வேண்டும். ‘பிளஸ் டூவுக்கு 60, நேர்காணலுக்கு 40’ என்று மட்டும் அச்சடித்துவிட்டு அதை ரூப்ரிக் என்கிறார்கள். அது வெறும் பங்கீடு. அந்த 40ஐ யாருக்கும் எப்படியும் போடலாம், பேரத்துக்கு அது வசதி. அரசு ஒதுக்கீட்டு பி.இ. இடங்களுக்கு நேர்காணலே கிடையாது, கட்-ஆப் மட்டும்தான். ஆகவே அந்த விளம்பரத்தின் ரூப்ரிக், நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்காக இருக்கலாம். உங்கள் ஊர்க்காரர் லேட்டரல் என்ட்ரி என்று பெயர் மாற்றி விற்பதும் அநேகமாக அந்த இடத்தைத்தான்.

உங்கள் மகனின் கணக்கைப் பார்ப்போம். கணிதம் முழுதாக 62. இயற்பியலில் பாதி 29, வேதியியலில் பாதி 35. கட்-ஆப் 200க்கு 126. இதைக் கேட்டுத்தான் நீங்கள் பயந்திருப்பீர்கள். ஆனால் விண்ணப்பிக்கும் தகுதி வேறு கணக்கு. மூன்று பாடங்களின் சராசரி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதமும் இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதமும் இருந்தால் போதும். அவனுடைய சராசரி 63. பெயர் பெற்ற கல்லூரியில் கணினிப் பிரிவு இந்தக் கட்-ஆப்புக்குக் கிடைக்காது. ஆனால் கலந்தாய்வு முடிந்தும் இடங்கள் நிரம்பாத கல்லூரிகள் ஆண்டுதோறும் இருக்கின்றன. tneaonline.org தளத்தில் விண்ணப்பித்து, விருப்பப் பட்டியலில் பத்து, பதினைந்து என்று நிறுத்திக்கொள்ளாமல் நிறையக் கல்லூரிகளைப் போடச் சொல்லுங்கள். 126ஐ ஒட்டிய கட்-ஆப்பில் கடந்த ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைத்தது என்று பார்த்து வரிசைப்படுத்துங்கள்.

அசல் சான்றிதழைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பாலிடெக்னிக்கில் வேலை பார்த்தபோது ஒரு பையன் இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்கு வந்தான். மார்க் ஷீட்டும் டி.சி.யும் ஒரு தரகரிடம் இருந்தன. வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவர் திருப்பித் தர இன்னொரு தொகை கேட்டார். பையனின் தந்தை அலைந்து திரிந்து வாங்கி வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. கல்லூரியே அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதுதான் ஏ.ஐ.சி.டி.இ. விதி. வகுப்பு தொடங்கும் முன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்பதும் விதி. கல்லூரியின் ரசீது கையில் இருப்பவர்தான் இந்த விதியைக் காட்டிப் பணத்தைக் கேட்க முடியும். தரகர் கையில் கொடுத்த 25,000க்கு ரசீது வராது.

அவர் மறுபடி வந்தால், எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, எந்த ஒதுக்கீடு என்று கல்லூரியின் லெட்டர்பேடில் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். அதுவரை மார்க் ஷீட்டின் நகலைக்கூட அவரிடம் காட்ட வேண்டாம்.