கணிதத் தாளில் பேனா வைக்காத மகன்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகனுக்குச் சாதாரண தரப் பரீட்சையில் இரண்டாம் முறையும் கணிதத்தில் டபிள்யூ. மூன்றாம் முறைக்குப் படிக்கச் சொன்னால் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். "இது சோம்பல் இல்லை, தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்ட இயலாமை, நாய்களை வைத்து நிரூபித்திருக்கிறார்கள்" என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். கொழும்பில் கடையில் நிற்கும் உங்கள் தம்பியோ, "என்னிடம் அனுப்பிவிடுங்கள் அக்கா" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

ஆசிரியர் சொன்ன ஆய்வு உண்மையானது. ஆனால் அதைச் செய்தவர்களே ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து அதன் விளக்கத்தைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். பழைய விளக்கத்தோடு நின்றுவிட்டால் உங்கள் மகனுக்குத் தவறான வைத்தியம் செய்வோம். எனவே முதலில் அந்த நாய்களின் கதையைச் சொல்லிவிடுகிறேன். படிக்கச் சங்கடமான கதைதான்.

1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் இருந்தார்கள். 1967இல் வெளியான அவர்களுடைய பரிசோதனையில் எட்டு எட்டு நாய்களாக மூன்று குழுக்கள். முதல் குழு நாய்களைத் துணித் தொட்டிலில் கட்டி, பின்னங்கால்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். தலைக்கு இருபுறமும் இருந்த பலகையைத் தலையால் அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இரண்டாம் குழுவுக்கும் அதே தொட்டில், அதே பலகை. ஆனால் பலகையை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. முதல் குழு நாய்களுக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் அதிர்ச்சி நீடித்ததோ, அவ்வளவு நேரம் இவற்றுக்கும் நீடிக்கும். ஆக இரண்டு குழுக்களும் அனுபவித்த வலி ஒரே அளவு. மூன்றாம் குழுவுக்கு அதிர்ச்சியே இல்லை.

அடுத்த நாள் எல்லா நாய்களையும் இரண்டு அறைகள் கொண்ட ஒரு பெட்டிக்குள் விட்டார்கள். விளக்கு மங்கும், பத்து விநாடியில் தரையில் அதிர்ச்சி வரும், நடுவில் உள்ள தடுப்பைத் தாண்டினால் தப்பலாம். முதல் குழுவும் மூன்றாம் குழுவும் விரைவில் தாண்டக் கற்றுக்கொண்டன. இரண்டாம் குழுவின் எட்டில் ஆறு நாய்கள், பத்து வாய்ப்புகளில் ஒன்பதிலோ பத்திலுமோ தப்பவில்லை. இத்தகைய நாய்கள் தொடக்கத்தில் கொஞ்சம் ஓடிப் பார்க்கும். பிறகு படுத்து முனகிக்கொண்டே அதிர்ச்சியை ஏற்றுக்கொள்ளும். தற்செயலாக ஒருமுறை தாண்டித் தப்பிய நாய்கூட அடுத்த முறை தாண்டாமல் இருந்ததுண்டு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். "அதிகம் அடிபட்டால் மனம் ஒடிந்துவிடும்" என்று இந்த ஆய்வைச் சுருக்கிச் சொல்பவர்கள் முதல் குழுவை மறந்துவிடுகிறார்கள். அந்த நாய்களும் அதே அளவு அடிபட்டவைதான். அவை ஒடியவில்லை. செய்தது ஏதாவது பலன் தந்ததா என்பது ஒன்றுதான் இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு. ஆகவே உங்கள் மகன் இரண்டு முறை தவறினான் என்ற கணக்கு மட்டும் எனக்கு அதிகம் சொல்வதில்லை. எந்த வரியில் புள்ளி போனது, அதற்காக அவன் எதை மாற்றிப் பார்த்தான், மாற்றியதால் ஏதாவது மாறியதா என்பவைதான் எனக்குத் தேவை. நம் பிள்ளைகளில் பலருக்குத் தவணைப் பரீட்சைத் தாள் திரும்பி வரும்போது மூலையில் ஒரு மொத்தப் புள்ளிதான் இருக்கிறது. 22 என்று போட்டிருக்கும். எதற்கு 22? அது அவனுக்கும் தெரியாது. அவன் இருப்பது இரண்டாம் குழுவின் தொட்டிலில்.

அந்த ஆய்விலும் அதையொட்டிய நாய் ஆய்வுகளிலும் உள்ள மூன்று சங்கதிகள் அடிக்கடி விட்டுப்போகின்றன. எல்லா நாய்களும் முடங்கவில்லை; இரண்டாம் குழுவிலும் எட்டில் இரண்டு தப்பக் கற்றுக்கொண்டன. ஒரே ஒரு அமர்வின் விளைவு நாய்களில் நிலைக்கவும் இல்லை. நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துச் சோதித்தபோது அது காணாமல் போயிருந்தது, பல முறை கொடுத்தபோதுதான் நீடித்தது. மூன்றாவது, எனக்கு மிகவும் பயன்படுவது: முதலில் தப்பிக்கக் கற்றுக்கொண்ட நாய்களுக்குப் பிறகு தப்பமுடியாத அதிர்ச்சி கொடுத்தாலும் அவை முயற்சியைக் கைவிடவில்லை. எது முன்னால் வந்தது என்பது முக்கியம்.

செலிக்மனும் மையரும் அப்போது சொன்ன விளக்கம் இது: நான் என்ன செய்தாலும் பலனில்லை என்பதை நாய் கற்றுக்கொண்டுவிட்டது. மனிதர்களுக்கு இதைப் பொருத்தியபோது விளக்கம் போதவில்லை. ஒரே தோல்வியைச் சந்தித்த இருவரில் ஒருவர் எழுந்து நடக்கிறார், இன்னொருவர் உட்கார்ந்துவிடுகிறார். 1978இல் லின் ஏப்ரம்சன், செலிக்மன், ஜான் டீஸ்டேல் மூவரும் ஒரு திருத்தம் செய்தார்கள். தோல்விக்கு ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் காரணத்தைப் பாருங்கள் என்றார்கள்: அது தன்னிடம் இருக்கிறதா, வெளியிலா, நிரந்தரமா, தற்காலிகமா, எல்லாவற்றுக்கும் பொருந்துமா, இந்த ஒன்றுக்கு மட்டுமா. "எனக்குக் கணிதம் ஏறாது" என்பதும், "பின்னம் வரும் கணக்குகளில் தவறுகிறேன்" என்பதும் ஒரே பிள்ளை சொல்லக்கூடியவை. முதலாவதில் கைவைக்க இடமே இல்லை.

பெரிய திருத்தம் 2016இல் வந்தது. மையர் இடைப்பட்ட காலத்தில் கொலராடோவில் எலிகளின் மூளையை ஆராய்ந்திருந்தார். நீண்ட நேரம் வலி நேர்ந்தால் மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறு கூட்டம் நரம்பணுக்கள் செரட்டோனினைப் பெருமளவில் வெளிவிடுகின்றன. விலங்கு செயலற்று, பயந்து கிடக்கிறது. இதை யாரும் கற்பிக்கத் தேவையில்லை. அது உடலோடு வந்த பதில். ஒரு சக்கரத்தைத் திருப்பி அதிர்ச்சியை நிறுத்த முடிந்த எலிகளில் வேறொன்று நடந்தது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி, "இது என் கையில் இருக்கிறது" என்பதைக் கண்டுகொண்டு அந்த நரம்பணுக்களை அடக்கியது. அந்தப் பகுதியை மருந்தால் உறங்கவைத்தால், எலி சக்கரத்தைச் சரியாகத் திருப்பி அதிர்ச்சியை நிறுத்தினாலும், பிறகு இயலாத எலியைப் போலவே நடந்துகொண்டது. ஆகவே இருவரும் சேர்ந்து எழுதினார்கள்: நாங்கள் விலங்குகள் இயலாமையைக் கற்கின்றன என்று நினைத்தோம், அவை கற்பது கட்டுப்பாட்டைத்தான்.

எலியிலிருந்து உங்கள் மகனுக்குத் தாவுவது நீண்ட தாவல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இது என் ஆலோசனையின் திசையை மாற்றியது. பழைய விளக்கப்படி அவன் மனதில் பதிந்த ஒன்றை அழிக்க வேண்டும். அதற்காகத்தான் "உன்னால் முடியும்" என்று எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். புதிய விளக்கப்படி அழிக்க எதுவும் இல்லை. அவனுக்கு இதுவரை கிடைக்காத ஒன்றைக் கொடுக்க வேண்டும். முடங்கிய நாய்களை மீட்க முயன்றபோது, தடுப்பை எடுத்துவிட்டு மறுபக்கத்திலிருந்து கூப்பிட்டுப் பார்த்தது பெரும்பாலும் பலிக்கவில்லை. கழுத்துக் கயிற்றைப் பிடித்து மீண்டும் மீண்டும் மறுபக்கம் இழுத்த பிறகுதான், இழுக்கத் தேவையான பலம் குறைந்துகொண்டே வந்து, அவை தாமாகத் தாண்டின.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். நீங்கள் வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கி, தேநீர் குடித்த பிறகு அரை மணி நேரம் போதும். உங்களுக்குக் கணிதம் தெரியவேண்டிய அவசியமும் இல்லை. முதலாம் கணித வினாத்தாளின் பகுதி 'அ'வில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. கடந்தகால வினாத்தாள் ஒன்றிலிருந்து ஐந்து வினாக்களை அவனே தெரிவு செய்யட்டும். மூன்று அவனால் நிச்சயம் செய்யக்கூடியவை, இரண்டு சந்தேகமானவை. செய்து முடித்ததும் புள்ளியிடும் திட்டத்தைப் பார்த்து அவனே திருத்தட்டும். எந்த வரிக்குப் புள்ளி என்பது அதில் இருக்கும். தவறிய கணக்கில் எந்த வரியில் பிழை என்று பக்கத்தில் எழுதவேண்டும். மறுநாள் அதே வகைக் கணக்கு, வேறு எண்களுடன். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாற்றிச் செய்தாய்?" முழு வினாத்தாளை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். வரிசை முக்கியம் என்று சொன்னேன் அல்லவா.

இரண்டு வாரத்தில் மூன்றில் ஒன்று உங்களுக்குத் தெரிந்துவிடும். சுலபமான மூன்றையும் தயங்காமல் செய்து மற்ற இரண்டில் மட்டும் நின்றால், இதில் மனோதத்துவமே இல்லை. தரம் எட்டு, ஒன்பதில் எதையோ விட்டிருக்கிறான். பதினோராம் தர வகுப்புக்கு மறுபடி பணம் கட்டாமல், அந்தப் பழைய பாடங்களைச் சொல்லித்தர ஒருவரைத் தேடுங்கள். இரண்டாவது, சரியாக வந்த விடையையும் "சும்மா வந்துவிட்டது" என்று தள்ளிவிடுவது; தற்செயலாகத் தப்பிய நாயைப் போல. அப்போது பாராட்டாதீர்கள். எந்த வரியால் சரியாக வந்தது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாவது, செய்யத் தெரிந்த கணக்கிலும் பேனா வைக்காமல் இருப்பது. அப்படியானால் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியை மட்டும் அவன் கையால் எழுதவையுங்கள், பல நாட்கள். விடையை நீங்களோ அவனுடைய அக்காவோ எழுதிக் கொடுக்கக்கூடாது. கணிதம் மட்டுமன்றி, பந்து விளையாட்டு, நண்பர்கள், சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றிலும் விலகியிருந்தால் என்னிடம் வருவதற்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தம்பியின் கடை பற்றி என் அபிப்பிராயம்: அனுப்புவது குற்றமில்லை. ஆனால் எங்கே போவது, எப்போது திரும்புவது, என்ன சம்பளம் என எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவு செய்யும் ஒரு பயணம், இப்போது அவனுக்கு இன்னொரு தொட்டில். அவனே விலாசம் கேட்டு, தேதி குறித்துப் போவதானால் கதை வேறு. அதற்கு முன் அவனுக்குத் தெரியவேண்டிய வழி ஒன்று உண்டு. பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழில்சார் பிரிவில், சாதாரண தரப் பெறுபேறு எதுவாக இருந்தாலும் சேரலாம், அங்கிருந்து என்.வி.கியூ எனும் தேசிய தொழில் தகைமையின் நான்காம் மட்டச் சான்றிதழை நோக்கிப் போகலாம். கணிதத்தைத் தனியார் பரீட்சார்த்தியாகப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். எந்தப் பாடசாலையில் தமிழ் மொழியில் எந்தத் துறை இருக்கிறது என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க நீங்கள் போகாதீர்கள். பஸ்ஸுக்குக் காசைக் கொடுத்து அவனை அனுப்புங்கள்.

என்னைப் பார்க்க வரும்போது பெறுபேற்றுத் தாள் வேண்டாம். இரண்டு வாரம் அவன் திருத்திய அந்தப் பக்கங்களைக் கொண்டு வாருங்கள்.