டாக்குமென்டேஷனை எடைபோட ஒரு ஃபங்ஷன் போதும்

கேள்வி: ஒரு மென்பொருளின் டாக்குமென்டேஷன் சரியாக இருக்கிறதா, புதியவர்களுக்குப் புரியுமா, தேடியது கிடைக்குமா என்று எப்படி மதிப்பிடுவது?

முழுவதையும் படிக்க உட்காராதீர்கள். ஏதாவது ஒரு ஃபங்ஷனை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி அங்கே எழுதியிருப்பதையெல்லாம் ஓட்டிப் பாருங்கள். ஒரு சரத்தைத் துண்டுகளாகப் பிரிக்கும் பைத்தானின் `str.split`-ஐ வைத்துச் சொல்கிறேன்.

டாக்குமென்டேஷன் பக்கத்தின் மேலே இருக்கும் பதிப்பு எண்ணும் உங்கள் கணினியில் `python --version` காட்டுவதும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். அப்புறம் அங்குள்ள எடுத்துக்காட்டுகளை `>>>` குறியோடு அப்படியே ஒரு கோப்பில் ஒட்டி இதை ஓட்டுங்கள்:

```
python -m doctest split.txt
```

எல்லாம் பொருந்தினால் திரையில் ஒன்றுமே வராது. பொருந்தாவிட்டால் எதிர்பார்த்ததையும் கிடைத்ததையும் சேர்த்துக் காட்டும். ஆனால் இது எடுத்துக்காட்டுகளை மட்டுமே சோதிக்கும். விளக்க வரிகளில் பிழை இருந்தால் இதற்குத் தெரியாது. அவற்றை நாம்தான் சோதனையாக மாற்ற வேண்டும். காலிச் சரத்தைப் பிரித்தால் என்ன வரும் என்று அந்தப் பகுதி சொல்கிறது. ஓட்டிப் பார்த்தால்:

```
>>> ''.split(',')
['']
>>> ''.split()
[]
```

சொன்னபடியே வருகிறது. இது சின்ன விஷயம் இல்லை. காற்புள்ளியால் பிரித்து எண்ணும் நிரலில் காலி வரிக்கும் 1 என்று கணக்கு வருவது இதனால்தான்.

எடுத்துக்காட்டுகளில் நான் தேடுவதும் இப்படிப்பட்ட ஓரங்களைத்தான். `'1,2,3'` மட்டும் இருந்தால் அதிலிருந்து பெரிதாக ஒன்றும் தெரியாது. அங்கே `'1,2,,3,'` என்றும் ஒன்று இருக்கிறது. விடை `['1', '2', '', '3', '']`. அடுத்தடுத்து வரும் காற்புள்ளி, கடைசியில் தொங்கும் காற்புள்ளி இரண்டையும் ஒரே வரியில் காட்டிவிட்டார்கள். பயன்படுத்துபவர் எங்கே தடுக்கி விழுவார் என்று தெரிந்தவர் எழுதியது அது.

புதியவருக்குப் புரியுமா என்பதை நாமே சொல்ல முடியாது, நமக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. கற்றுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அந்தப் பகுதியை மட்டும் கொடுத்து, நடுவில் இரண்டு இடைவெளி உள்ள `'a  b'.split(' ')` என்ன தரும் என்று கேளுங்கள். `['a', '', 'b']` என்று சொன்னால் விளக்கம் வேலை செய்கிறது. `['a', 'b']` என்றால், பிரிப்பான் கொடுப்பதற்கும் கொடுக்காமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குப் போய்ச் சேரவில்லை. இடையில் வாய் திறக்காதீர்கள். அவர் கேட்கும் சந்தேகங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் விடுபட்டவை அவைதான்.

தேடிக் கண்டுபிடிப்பதில்தான் நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன். `split` இருப்பது மிக நீளமான ஒரு பக்கத்தின் நடுவில். பெயர் தெரிந்தவர் அகரவரிசைப் பட்டியல் வழியாக நேரே போய்விடுவார். அதனால் சோதிக்கும்போது ஃபங்ஷன் பெயரைத் தட்டாமல், ‘காற்புள்ளியில் வரியை உடைப்பது’ என்கிற மாதிரி வேலையை அந்த டாக்குமென்டேஷனின் மொழியிலேயே தேடல் பெட்டியில் எழுதிப் பாருங்கள். முதல் சில முடிவுகளில் சரியான பகுதி வராவிட்டால், பெயர் தெரியாதவருக்கு அந்த விளக்கம் அங்கே இல்லாத மாதிரிதான்.