இருநூறு புள்ளிகளில் பட்டை ஏன் தெரியவில்லை?

“633 நா.மீ. லேசரை மங்கலாக்கி, 0.25 மி.மீ. இடைவெளியுள்ள இரட்டைப் பிளவு வழியே 1 மீட்டர் தள்ளி 20 மி.மீ. அகல உணரியில் 200 புள்ளிகள் பதிந்தேன். சிதறல்தான் இருக்கிறது, பட்டை இல்லை.”

புள்ளிகள் போதவில்லை. குறுக்கீட்டுப் பட்டையைத் தனி ஃபோட்டான் வரைவதில்லை. ஃபோட்டான் எங்கே விழ வாய்ப்பு அதிகம் என்பதில்தான் பட்டை இருக்கிறது.

உங்கள் அளவுகளுக்குப் பட்டை இடைவெளி சுமார் 2.5 மி.மீ., உணரியில் 8 பட்டைகள். ஒவ்வொன்றையும் பத்துக் கட்டமாகப் பிரித்தால் கட்டத்துக்குச் சராசரி 2.5 புள்ளிகள், தற்செயல் ஏற்றத்தாழ்வே 1.6 வரும். 8,000 புள்ளிகளில் சராசரி 100, ஏற்றத்தாழ்வு 10. அப்போது பட்டை தெளிவாகத் தெரியும்.

இப்போதே சோதிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் 2.5 மி.மீ.ஆல் வகுத்து, மீதியை மட்டும் பத்துக் கட்டங்களில் எண்ணுங்கள். எட்டுப் பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து, 200 புள்ளிகளிலேயே மேடு பள்ளம் தெரியும். அப்போதும் தட்டையாக இருந்தால் ஒளி இல்லாதபோதும் உணரி தானாகப் பதியும் இருள் எண்ணிக்கையைச் சந்தேகியுங்கள்.

பிறகு ஒரு பிளவை மூடிப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது: இருண்டிருந்த இடங்களில் புள்ளிகள் விழத் தொடங்கும்! வழியைக் குறைத்ததும் அங்கே ஒளி கூடுகிறது. ஒவ்வொரு ஃபோட்டானும் ஒரே இடத்தில் முழுதாகப் பதிகிறது, ஆனால் அந்த இடத்தின் வாய்ப்பை இரு பிளவுகளும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன.

ஒரு எச்சரிக்கை: மங்கலாக்கிய லேசர் உண்மையான ஒற்றை ஃபோட்டான் ஒளிமூலம் அல்ல, சில வேளை இரண்டு சேர்ந்தும் வரும். அந்த ஐயத்துக்கு இடமில்லாத சோதனையை இயற்பியலாளர்கள் கிராஞ்சியே, ரோஜே, ஆஸ்பே 1986இல் வேறொரு அமைப்பில் செய்தார்கள். குறுக்கீடு அங்கும் நிலைத்தது.